சராசரி ஒன்றுதான், மிச்சம் வேறு

எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், ஊழியர் சேமலாப நிதியில் கிடைத்த பணத்தோடு காணி விற்ற பணத்தையும் சேர்த்து ஒரு கோடி ரூபாய் வைத்திருந்தார். “தம்பி, சராசரியா வருசம் 5 வீதம் வருமெண்டால், வருசம் 5 லட்சம் எடுத்தாலும் முதல் அப்பிடியே இருக்கும்தானே?” என்று ஒரு மாலை கேட்டார். ஆண்டுதோறும் தவறாமல் 5 வீதமே வருமானால் அவர் சொல்வது ஏறத்தாழச் சரி. ஏற்றமும் இறக்கமும் உள்ள முதலீட்டில் அது பிழையாகிவிடும்.

அவருடைய கொப்பியிலேயே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஐந்து ஆண்டுகளின் விளைவுகள் முறையே 20 வீத இழப்பு, 10 வீத இழப்பு, 10 வீத இலாபம், 20 வீத இலாபம், 25 வீத இலாபம் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் சராசரி 5 வீதம். பணத்தைத் தொடாமல் விட்டால் ஒரு கோடி 118.8 லட்சமாகும், வரிசையைத் தலைகீழாக்கினாலும் பெருக்கல் என்பதால் விடை மாறாது. ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 5 லட்சம் எடுத்தால் நிலைமை வேறு. இழப்பு முதலில் வந்தவரிடம் ஐந்தாம் ஆண்டின் முடிவில் 83.4 லட்சமும், இலாபம் முதலில் வந்தவரிடம் 96.5 லட்சமும் இருக்கும். இருவரும் எடுத்தது 25 லட்சம்தான். ஆனாலும் 13 லட்சம் வித்தியாசம்.

இந்த 13 லட்சம் எங்கே போனது என்பதற்கு மூன்றாம் ஆண்டில் எடுத்த 5 லட்சத்தை மட்டும் பார்த்தால் போதும். இழப்பு முதலில் வந்தவர் அதை எடுக்காமல் விட்டிருந்தால், பின்வந்த மூன்று இலாப ஆண்டுகளில் அது 8.25 லட்சமாக வளர்ந்திருக்கும். மற்றவர் விட்டுவைத்திருந்தால் அது 3.96 லட்சமாகச் சுருங்கியிருக்கும். எடுத்த ரூபாயின் உண்மையான விலை, எடுத்த பின் வரும் ஆண்டுகளின் விளைவைப் பொறுத்தது. சந்தை விழுந்த வேளையில் செலவுக்காக விற்பவர், மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லைக் குற்றிச் சமைப்பவரைப் போன்றவர். அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தாலும் விதைக்கக் குறைவாகவே இருக்கும்.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் இதைத்தான் கணக்கிட்டுக் காட்டினார். அவர் சராசரியை நம்பாமல், 1926 முதலான அமெரிக்கத் தரவுகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டிலும் ஒருவர் ஓய்வுபெற்றால் என்னவாகும் என்று தனித்தனியே பார்த்தார். முதலாண்டில் சேமிப்பின் குறிப்பிட்ட வீதத்தை எடுப்பது, பின்னர் அத்தொகையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக்கொண்டு போவது என்பதே விதி. பாதி பங்குகளிலும் பாதி அரச கடன் பத்திரங்களிலும் இருந்த சேமிப்பு, மிக மோசமான வரிசையிலும் 30 ஆண்டுகள் தாங்கிய வீதம் 4ஐச் சற்றே தாண்டியது. 1960களின் பிற்பகுதியில் ஓய்வுபெற்றவர்களே அந்த மோசமான வரிசையில் அகப்பட்டவர்கள்: 1973-74இன் சந்தை வீழ்ச்சியும் எழுபதுகளின் விலையேற்றமும் அவர்களைத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொண்டன.

ஆகவே 4 வீதம் என்பது அமெரிக்க வரலாறு தந்த எண். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. “நான் பங்குச் சந்தைப் பக்கமே போகவில்லை, எல்லாம் நிலையான வைப்பு” என்று ஆறுதலடைபவர்களும் வரிசையிலிருந்து தப்புவதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீத அளவுக்கு ஏறியும் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வங்கிப் புத்தகத்தில் தொகை குறையாமலே அந்த ஆண்டு பெரிய இழப்பு ஆண்டாயிற்று. அதற்குச் சற்று முன் ஓய்வுபெற்றவருக்கு அது வரிசையின் தொடக்கத்திலேயே விழுந்த அடி.

அபாயத்தை முன்கூட்டியே காட்ட ஓர் எளிய வகுத்தல் உண்டு. இவ்வாண்டு எடுக்கப்போகும் தொகையை இன்றைய மீதியால் வகுக்க வேண்டும், தொடக்கத்தில் இருந்த ஒரு கோடியால் அல்ல. இழப்பு முதலில் வந்தவருக்கு, 5 வீதத்தில் தொடங்கிய விகிதம் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் 7.8 வீதமாகியிருக்கும். ஓய்வின் முதற் பத்தாண்டுக்குள் இவ்வாறு ஏறினால் கையைச் சுருக்கத்தான் வேண்டும்.

சுருக்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்காளர் கேட்டார். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 5 லட்சத்துக்குப் பதிலாக 3 லட்சம் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். குறைத்தது 4 லட்சம். இழப்பு முதலில் வந்த வரிசையில் இறுதி மீதி 6.27 லட்சத்தால் கூடியது, மற்ற வரிசையில் 3.48 லட்சத்தால் மட்டுமே. கொப்பியை மூடிவிட்டு, இரண்டு ஆண்டுச் செலவுக்கான பணத்தை வேறு வைப்பில் ஒதுக்கினால் வட்டி எவ்வளவு குறையும் என்று வங்கியில் விசாரிக்கப் போவதாகச் சொன்னார்.