காது மந்தமான பாட்டிக்குப் போன் போட்டால் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

காது மந்தமான பெரியவர்களோடு போனில் பேசுவதில் ஆகக் கடினமானது முதல் பத்து விநாடிதான். பேச்சு ஓடத் தொடங்கிவிட்டால் மழை, மாத்திரை, மருமகள் என்று பாதியை அவர்களே ஊகித்துக்கொள்வார்கள். பேசுவது யார் என்பதை ஊகிக்கத்தான் அவர்களுக்கு எந்தப் பிடியும் இருக்காது. அந்த இடத்தில்தான் நாம் அவசர அவசரமாக, "ஹலோ, நான்தான் பேசுறேன், எப்படி இருக்கீங்க, சாப்டாச்சா?" என்று நாலு வாக்கியத்தை ஒரே மூச்சில் கொட்டுகிறோம்.

செவித்திறன் பரிசோதனைக்கு என்னிடம் வந்த ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். சிவகங்கைப் பக்கம், எண்பதை நெருங்கும் வயது. மகன் வழிப் பேரன் சதீஷ் ஷார்ஜாவில், மகள் வழிப் பேரன் ஹரீஷ் சென்னையில். (பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஒலி அமைப்பை மாற்றவில்லை. ஏனென்று பாருங்கள்.) "எதிர்ல உக்காந்து பேசுனா கேட்குது, போன்ல மட்டும் கெழவி யார்னு தெரியாம முழிக்குது" என்று அழைத்து வந்தவர்கள் குறைப்பட்டார்கள்.

பரிசோதனையில் வந்த வரைபடம் வயோதிகக் காதுக்கே உரியது. 500 ஹெர்ட்ஸில், அதாவது தாழ்ந்த சுருதியில், 30 டெசிபல் அளவிலேயே ஒலி கேட்டுவிட்டது. 2000 ஹெர்ட்ஸில் 55 தேவைப்பட்டது, 4000 ஹெர்ட்ஸில் 70. நம் பேச்சில் அ, ஆ, ஈ போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ச, ஷ, ஸ, த போன்றவற்றை இனம் காட்டும் கூர்மை மேல் சுருதியில் இருக்கிறது. பாட்டியின் காது விட்டுவிடுவது இந்த இரண்டாவது வகையை. போதாக்குறைக்கு, சாதாரணத் தொலைபேசித் தடம் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதற்கு மேலிருப்பதை வெட்டிவிடும். காது எதை இழந்திருக்கிறதோ அதையே லைனும் கழிக்கிறது. சிக்னல் மோசமாக இருந்தால் நடுநடுவே ஒலித்துணுக்குகளும் காணாமல் போகும்.

இப்போது "சதீஷ்" என்ற பெயரிலிருந்து ச, த, ஷ் மூன்றையும் மங்க வையுங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய "அ-ஈ". "ஹரீஷ்" என்பதிலும் மிஞ்சுவது கிட்டத்தட்ட அதேதான். பாட்டிக்கு மறதி என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காதில் விழுந்த ஒலிக்கு இரண்டு பேரன்கள் பொருந்தினார்கள், அவ்வளவுதான்.

சத்தம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கத்தும்போது வலுக்கூடுவது பெரும்பாலும் உயிரொலிகள்தான், ச-வும் ஷ-வும் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அதனால் "அ-ஈ" என்பது "ஆ-ஈ" என்று பெரிதாகிறது, தெளிவாவதில்லை. அதோடு, இத்தகைய காதுகளில் கேட்கத் தொடங்கும் அளவுக்கும் கூசத் தொடங்கும் அளவுக்கும் இடைவெளி குறுகியிருக்கும். முதலில் "கேக்கலப்பா" என்று சொன்னவரே அடுத்த நொடி "ஏன்டா இப்படிக் கத்துற?" என்று கோபப்படுவது அதனால்தான்.

அந்த வீட்டுக்கு நான் சொன்ன முறை இது. மணி அடித்துப் பாட்டி எடுத்தவுடன் பேசாதீர்கள். பச்சைப் பொத்தானை அழுத்தி, போனைக் காதுக்குக் கொண்டுபோய், காதுத்துளைக்கு நேராக வைக்க அவருக்கு நேரம் வேண்டும். அவர் "அலோ" என்று சொன்ன பிறகும் இரண்டு விநாடி பொறுங்கள். பிறகு வழக்கமான குரலில், சற்று நிதானமாக, "அப்பத்தா!" என்று மட்டும் கூப்பிட்டு நிறுத்துங்கள்.

இந்த ஒற்றை விளி செய்யும் வேலை பெரிது. அந்தக் குடும்பத்தில் மகன் பிள்ளைகள்தான் "அப்பத்தா" என்பார்கள், மகள் பிள்ளைகளுக்கு அவர் "அம்மாச்சி". மெய்யொலிகளெல்லாம் தேய்ந்து போனாலும் "அ-அ-ஆ" வேறு, "அ-ஆ-இ" வேறு என்று எஞ்சிய உயிரொலிகளே காட்டிக்கொடுத்துவிடும். பெயர் சொல்வதற்கு முன்பே ஹரீஷ் பட்டியலிலிருந்து விலகிவிட்டான்.

"ஆங், சொல்லு" என்று பதில் வந்ததும் அடுத்த வாக்கியம்: "ஷார்ஜாவுல இருந்து ஒங்க பேரன் சதீஷ் பேசுறேன்." ஊர், உறவு, கடைசியில் பெயர். வெறும் பெயரைவிட நீளமான வாக்கியத்தில் பிடித்துக்கொள்ள இடங்கள் அதிகம், ஒன்று நழுவினால் இன்னொன்று கிடைக்கும். மறுபடி நிறுத்துங்கள். வெளிநாட்டு அழைப்புகளில் குரல் போய்ச் சேரவே சற்றுத் தாமதமாகும். பதில் வரவில்லையே என்று நீங்கள் மீண்டும் தொடங்கினால் இருவர் குரலும் மோதிக்கொள்ளும். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை ஒரு முறை திருப்பிச் சொல்லலாம். அதற்கும் பிடிபடவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள்: "ஒங்க பெரிய மகனோட பையன்." மூன்றாவது தடவையும் அதையே சொல்வதில் பயனில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதன் கையில் போனை முதலில் கொடுக்காதீர்கள். கீச்சுக்குரல் இந்தக் காதுகளுக்குச் சிரமம். யார் என்று தெரிந்த பிறகு கொடுங்கள்.

குறை லைனிலா காதிலா என்பதையும் கண்டுபிடிக்கலாம். பாட்டியின் குரலும் உங்களுக்கு விட்டுவிட்டு வந்தால் லைன் மேல் சந்தேகப்படுங்கள். "வச்சிட்டு மறுபடி கூப்புடுறேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டியுங்கள். சொல்லாமல் துண்டித்தால் அவர் வெற்றுப் போனில் பேசிக்கொண்டிருப்பார். அதே போனில், அதே அழைப்பில், பக்கத்தில் இருக்கும் இன்னொருவருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்டால் லைனில் குறையில்லை. அப்போது அவர் போனைப் பிடிக்கும் விதத்தை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட்போனில் ஒலி வரும் இடம் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய கீற்றுதான். பலர் போனின் நடுப்பகுதியைக் காதில் அழுத்திக்கொள்கிறார்கள். இந்தப் பாட்டியும் அப்படித்தான். அந்தக் கீற்றில் மாவும் விபூதியும் அடைத்திருந்தது தனிக்கதை. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வைத்திருப்பவர்கள், போனைக் காதுத்துளைக்கு அல்ல, கருவியின் மைக் இருக்கும் மேற்புறத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கீச்சென்று விசில் வந்தால் போனைச் சற்றுச் சாய்த்து விலக்கிப் பிடித்தால் போதும்.

நேற்று வரை போனில் கேட்ட காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் இதெல்லாம் பார்த்துக்கொண்டிராமல் அன்றே காது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். நரம்பு சார்ந்த திடீர் இழப்பாக இருந்தால் சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேட்காதவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, "யாரு, சதீஷா?" என்று தாங்களே ஒரு பெயரை எடுத்துக்கொடுப்பார்கள். மோசடிக்காரனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. "ஆமா பாட்டி" என்று சொல்லி ஆஸ்பத்திரி, பணம் என்று தொடங்கிவிடுவான். "பேரு நீ சொல்லு" என்று கேட்கும்படி பெரியவர்களைப் பழக்குங்கள். எப்போதும் "அப்பத்தா" என்று தொடங்கும் பேரன் ஒரு நாள் "பாட்டி" என்றால் போனை வைத்துவிடலாம் என்று இந்தப் பாட்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

உண்மையில் கேட்டதா, ஒப்புக்கு "ஆங் ஆங்" கொட்டுகிறாரா என்று அறிய, ஆமாம்-இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைத் தவிருங்கள். "சாப்டாச்சா?" என்றால் கேட்காமலே "ஆச்சு" வரும். "காலைல என்ன பலகாரம்?" என்று கேட்டு, "நாளைக்குத்தான் வர்றான்" என்று பதில் வந்தால் இதுவரை சொன்னது எதுவும் போய்ச் சேரவில்லை. அப்போது வீடியோ அழைப்புக்கு மாறி, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து பேசிப் பாருங்கள். உதட்டசைவைப் பார்த்தும் பலர் புரிந்துகொள்வார்கள். அதிலும் முடியவில்லை, எதிரில் உட்கார்ந்து பேசினாலும் வார்த்தை பிடிபடவில்லை என்றால், காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்பதிலிருந்து தொடங்கிப் பரிசோதனை செய்துவிடுவதே சரி.