கிடங்குகளை விட்டுவிட்டோம் என்று மெயிலில் எழுதுவதற்கு முன்

மறுகாப்பீட்டைப் புதுப்பிக்க புரோக்கருக்கு நாம் அனுப்பும் மெயிலில் ஒரு வரி வந்தால் எனக்கு இப்போதும் கை நின்றுவிடும். "பெரிய இழப்பு வந்த அந்தப் பிரிவில் நாங்கள் இப்போது பாலிசி கொடுப்பதில்லை, ஆகவே அந்த இழப்பைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறோம்." இதில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எத்தனை கேள்விகள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன என்பதை நானே ஒருமுறை இப்படி எழுதி அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த வேலையில் புதிதாக இருப்பவர்களுக்காக அந்தக் கதையைக் கணக்கோடு சொல்கிறேன், எண்களைக் கொஞ்சம் எளிமையாக்கி.

எங்களுடையது தீ விபத்துக் காப்பீட்டுக்கான ஒரு மிகை இழப்பு ட்ரீட்டி, அதாவது மறுகாப்பீட்டு ஒப்பந்தம். ஒரே இடத்தில் வரும் இழப்பில் முதல் 5 கோடி எங்களுடையது, அதற்கு மேல் 10 கோடி வரை மறுகாப்பீட்டாளர் தருவார். அந்த 10 கோடியைத்தான் லேயர் என்கிறோம். புதுப்பிக்கும் நாள் ஜனவரி 1, மெயில் போனது அக்டோபரில், கணக்கு எடுத்த தேதி செப்டம்பர் 30.

ஐந்து ஆண்டுப் பிரீமியம் 85, 95, 105, 115, 100 கோடி, ஆக மொத்தம் 500. கடைசி 100 குறைவாகத் தெரிகிறதே என்று நினைக்க வேண்டாம், அது ஒன்பது மாதத்துக்கானது. நடப்பு ஆண்டின் இழப்பு ஒன்பது மாதத்துக்கு, பிரீமியம் மட்டும் பன்னிரண்டு மாத மதிப்பீடு என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்று செய்வதில்லை, பட்ஜெட் ஷீட்டிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். விகிதம் அழகாகக் குறையும், பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்பார்கள்.

பெரிய இழப்புகள் நான்கு. முதல் ஆண்டில் 7 கோடி, இரண்டாம் ஆண்டில் 18 கோடி, மூன்றாம் ஆண்டில் 4.5 கோடி, நடப்பு ஆண்டில் இன்னும் முடியாத ஒரு க்ளெய்ம் 6 கோடி. லேயருக்குள் போனது முறையே 2, 10, ஒன்றுமில்லை, 1. மொத்தம் 13 கோடி. 13-ஐ 500-ஆல் வகுத்தால் 2.6 சதவீதம், இதைத்தான் பர்னிங் காஸ்ட் என்பார்கள். விலை பேசும்போது முதலில் மேசைக்கு வரும் எண் இதுதான்.

இழப்புப் பட்டியலில் 4.5 கோடி எதற்கு, அது லேயரைத் தொடவே இல்லையே என்று எங்கள் அலுவலகத்திலேயே கேட்டார்கள். நம் பங்கில் பாதியைத் தாண்டிய எல்லா இழப்பையும் தரை மட்டத்திலிருந்து முழுத் தொகையாகக் காட்டச் சொல்வது பரவலான வழக்கம். காரணம் எளிது. கட்டுமானச் செலவும் இயந்திர விலையும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அன்றைய 4.5 கோடி புதுப்பிக்கும் ஆண்டில், அதாவது மூன்று ஆண்டு கழித்து, ஏறக்குறைய 5.36 கோடி ஆகிறது. அன்றைக்கு லேயரைத் தொடாத அதே தீ இனிமேல் வந்தால் தொடும். (பொருட்களின் காப்பீட்டுத் தொகையும் அதே வேகத்தில் ஏறியிருந்தால் பழைய பிரீமியத்தையும் ஏற்றிக் காட்ட வேண்டும். இழப்பை மட்டும் ஏற்றினால் நம் தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொள்வதுதான்.)

சரி, அந்த 18 கோடிக்கு வருவோம். அது ஒரு தனிச் சரக்குக் கிடங்கு. அந்தத் தீக்குப் பிறகு நிர்வாகம் யோசித்து, மூன்றாம் ஆண்டு முடிவோடு தனிக் கிடங்குகளுக்குப் பாலிசி கொடுப்பதை நிறுத்தியது. எனவே நான் மெயிலில் அந்த இழப்பை எடுத்துவிட்டு, லேயர் இழப்பு 3 கோடி, பர்னிங் காஸ்ட் 0.6 சதவீதம் என்று எழுதினேன். 2.6 எங்கே, 0.6 எங்கே! எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை புரோக்கர் கூப்பிட்டார். இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவர், குரலை உயர்த்தவே மாட்டார். "சார், இழப்பை எடுத்துட்டீங்க. அந்தக் கிடங்குகள் கட்டுன பிரீமியத்தை எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் கிடங்குகளிடமிருந்து ஆண்டுக்கு 20 கோடி வீதம் 60 கோடி வந்திருந்தது. அதையும் கழித்தால் 440, விகிதம் 0.68. வித்தியாசம் பெரிதில்லை என்று சமாளிக்கப் பார்த்தேன். எண்ணில் பெரிதில்லைதான். ஆனால் இழப்பை மட்டும் நீக்கிப் பிரீமியத்தை வைத்துக்கொண்ட பட்டியலைப் பார்க்கும் மறுகாப்பீட்டாளர், அதற்கு அடுத்த பத்தியிலிருந்து எதையும் நம்பிப் படிக்க மாட்டார். தவிர, கிடங்குகளில் 5 கோடியைத் தாண்டாத சிறிய இழப்புகளும் இருந்தன, அவற்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் எல்லாவற்றையும் எடு, இல்லையென்றால் எதையும் எடுக்காதே, இதுதான் முறை. அதிலும் நல்லது, உள்ளது உள்ளபடி 2.6-ஐ முதலில் காட்டி, திருத்திய கணக்கை அதற்குக் கீழே தனியாகக் காட்டுவது.

அவர் அதோடு விடவில்லை. "கிடங்கை விட்டுட்டீங்க, சரி. அப்படின்னா நாலாவது வருஷம் பிரீமியம் குறையணுமே, 105-லேருந்து 115-ஆ ஏறியிருக்கு. அந்த 20 கோடி இடத்துல என்ன வந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. போர்ட்ஃபோலியோ மாற்றம் என்றால் போனதை மட்டும் எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, வந்ததை யாரும் எழுதுவதில்லை. கிடங்கு அல்லாத பிரீமியம் ஒரே ஆண்டில் 85-லிருந்து 115 ஆகியிருக்கிறது, இது சாதாரண வளர்ச்சி இல்லை. ரிஸ்க் ப்ரொஃபைலை எடுத்துப் பார்த்தேன். காப்பீட்டுத் தொகை வாரியாக எத்தனை இடங்கள், அவற்றுக்கு எவ்வளவு பிரீமியம் என்று அடுக்கடுக்காகக் காட்டும் அட்டவணை அது. 5 கோடிக்கு மேல் காப்பீட்டுத் தொகை உள்ள இடங்கள் மூன்றாம் ஆண்டு 140 இருந்தன, இப்போது 230. வணிகப் பிரிவு கிடங்கு விட்ட குறையை நிரப்பப் பெரிய தொழிற்சாலைகளைப் பிடித்திருக்கிறது. லேயரைத் தொடும் அளவுள்ள இடங்கள்தான் பெருகியிருக்கின்றன. அவற்றில் பெரிய இழப்பு இதுவரை வரவில்லை என்பது உண்மை, வர போதுமான காலம் ஆகவில்லை என்பதும் உண்மை. இந்த நிலையில் பழைய இழப்பை வைத்து மட்டும் யாரும் விலை சொல்ல மாட்டார்கள், ப்ரொஃபைலின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் லேயருக்கு எவ்வளவு வரக்கூடும் என்று தனியாகக் கணக்குப் போடுவார்கள்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் கண்ணில் பட்டது. புதிதாக வந்த தொழிற்சாலைகளின் இடப்பட்டியலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். ஒன்பது இடங்களில் "தயார்ப் பொருள் இருப்பு" என்று ஒரு கட்டிடம் தனியாக இருந்தது. உற்பத்தி நடக்கும் கட்டிடத்திலிருந்து தள்ளி, கூரை வரை சரக்கு அடுக்கிய கட்டிடம். எங்கள் மென்பொருளில் தொழில் குறியீடு பாலிசிக்கு ஒன்றுதான், எனவே அது "தொழிற்சாலை" என்றே பதிவாகியிருந்தது. தீக்குக் குறியீடு தெரியாது. ஒன்பதில் மூன்றில் சரக்கு மட்டுமே 12 கோடிக்கு மேல். முன்வாசல் வழியாக அனுப்பிய கிடங்கு பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

மெயிலைத் திரும்ப எழுதினேன். அந்தப் பத்தி இப்படி ஆயிற்று:

"மூன்றாம் ஆண்டு டிசம்பர் 31-க்குப் பிறகு தனிச் சரக்குக் கிடங்குகளுக்குப் புதிய பாலிசியோ புதுப்பித்தலோ வழங்கவில்லை. அதற்கு முன் வழங்கியவை நான்காம் ஆண்டு முடிவுக்குள் காலாவதியாகிவிட்டன. தொழிற்சாலை வளாகத்துக்குள் உள்ள இருப்புக் கட்டிடங்களை நாங்கள் தொடர்ந்து ஏற்கிறோம். தற்போது அப்படி ஒன்பது இடங்கள் உள்ளன. காப்பீட்டுத் தொகை, தானியங்கி நீர்த்தெளிப்பு உண்டா இல்லையா, உற்பத்திக் கட்டிடத்திலிருந்து உள்ள தூரம் ஆகியவை இணைப்பில். இரண்டாம் ஆண்டு 18 கோடி இழப்பைச் சேர்த்தும், கிடங்குகளின் இழப்பு, பிரீமியம் இரண்டையும் நீக்கியும் இரு கணக்குகளும் இணைக்கப்பட்டுள்ளன."

காலாவதி பற்றிய வரியைக் கவனியுங்கள். டிசம்பரில் கொடுத்த ஓராண்டுப் பாலிசி அடுத்த டிசம்பர் வரை உயிரோடு இருக்கும். நிறுத்திய தேதியும் பொறுப்பு முடிந்த தேதியும் ஒன்றல்ல.

இதையெல்லாம் சொல்லாமல் விட்டிருந்தால்? ட்ரீட்டிக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதைப் பொறுத்தது. உதாரணமாக இங்கிலாந்தின் 2015 காப்பீட்டுச் சட்டம் மறுகாப்பீட்டுக்கும் பொருந்தும். முக்கியமான தகவல்களை நியாயமாக முன்வைக்கும் கடமையை அது விதிக்கிறது. தெரியாமல் தவறவிட்டாலும் மறுகாப்பீட்டாளர் அதிகப் பிரீமியம் கேட்டிருப்பார் என்று நிரூபித்தால், க்ளெய்ம் தொகையை அந்த விகிதத்தில் குறைக்கலாம். தகவலைத் தெளிவாக, எளிதில் காணும்படி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, அதாவது ஒன்பது இடங்களையும் நாலாயிரம் வரி உள்ள ஷீட்டுக்குள் புதைத்துவிட்டு "அனுப்பினோமே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

முடிவு எங்களுக்குச் சாதகமாக மட்டும் இல்லை. முன்னணி மறுகாப்பீட்டாளர் 18 கோடியை முழுசாக எடுத்துவிடவில்லை, குறைந்த எடை கொடுத்தார், நீர்த்தெளிப்பு இல்லாத இருப்புக் கட்டிடங்களுக்கு ஓர் உச்சவரம்பும் கேட்டார். விலை 0.68-க்கும் 2.6-க்கும் இடையில் எங்கோ நின்றது. எங்கள் நிதிப் பிரிவுக்குக் கடுப்புதான்.

டிசம்பர் மூன்றாம் வாரம், எல்லோரும் கையெழுத்துப் போடக் காத்திருந்த நேரத்தில், நடப்பு ஆண்டின் அந்த 6 கோடி க்ளெய்மில் சர்வேயரின் அடுத்த இடைக்கால அறிக்கை வந்தது. பாய்லர் பழுதுபார்க்க முடியாது, மாற்ற வேண்டும், மதிப்பீடு 8 கோடி. லேயருக்குள் 1 கோடி என்று சொன்னது 3 ஆகிவிட்டது. இதை ஜனவரி தாண்டிச் சொல்லலாமா என்று எங்கள் மேலாளர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அன்று மதியமே புரோக்கருக்கு நான்கு வரி மெயில் போனது: க்ளெய்ம் எண், பழைய தொகை, புதிய தொகை, அறிக்கைத் தேதி.