காதை அடைக்க அடைக்க ஏன் சத்தம் கூடுகிறது?

ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டை வைக்கும் ஓசை ஊசி குத்தியதுபோல காதுக்குள் இறங்கினால், யாராக இருந்தாலும் முதலில் காதைத்தான் பொத்துவார்கள். அப்புறம் பஞ்சு வைப்பார்கள், கொஞ்ச நாளில் காதடைப்பான் இல்லாமல் சமையலறைப் பக்கமே போகமாட்டார்கள். ஹைப்பராகூசிஸ் என்கிற இந்தக் கோளாறு, சாதாரண ஒலிகளையே தாங்கமுடியாத சத்தமாக்கிவிடுகிறது. இதில் பலருக்கும் தெரியாத விஷயம், காதைக் காப்பாற்ற வைக்கும் அந்த அடைப்பானே நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதுதான்.

இதைப் புரிந்துகொள்ள பழைய ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையம் சரியாக எடுக்கவில்லை என்றால் வால்யூமைத் திருகி ஏற்றுவோம், திடீரென்று அலைவரிசை தெளிவாகக் கிடைத்தால் வீடே அலறும். காதிலிருந்து மூளைக்குப் போகும் பாதையிலும் இப்படி ஒரு திருகு இருப்பதாகத்தான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். செவிநரம்பிலிருந்து வரும் சமிக்ஞை குறைந்தால், அதை ஈடுகட்ட மூளை தன் உணர்திறனை ஏற்றிக்கொள்கிறது. காது பலத்த சத்தத்தில் பழுதானாலும் சமிக்ஞை குறையும், நாமே அடைத்துக்கொண்டாலும் குறையும்.

இது வெறும் ஊகமில்லை. செவித்திறன் ஆய்வாளர் கிரெய்க் ஃபார்ம்பியின் குழு 2003-இல் வெளியிட்ட சோதனையில், காது நன்றாக இருக்கிற தன்னார்வலர்கள் இரண்டு வாரம் கிட்டத்தட்ட நாள் முழுக்க காதடைப்பான் அணிந்தார்கள்; இன்னொரு கட்டத்தில் மெல்லிய இரைச்சல் தரும் கருவியை அதேபோல அணிந்தார்கள். அடைத்தபின் முன்பைவிடக் குறைந்த ஒலியே சத்தமாகத் தெரிந்தது. இரைச்சலுக்குப் பின் நேர்மாறாக, கூடுதல் ஒலியைத் தாங்க முடிந்தது. மாற்றம் சில டெசிபல்தான், ஆனால் திருகு இரண்டு பக்கமும் திரும்பும் என்று தெரிந்துவிட்டது. மெல்லிய ஒலிக்குக் காதைப் படிப்படியாகப் பழக்கும் ஒலிப்பயிற்சி என்கிற சிகிச்சைக்கு அடித்தளமே இதுதான்.

எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். செவித்திறன் நிபுணர் அவருக்கு மிகத் தாழ்ந்த அளவில் ஒரு தொனியைக் கொடுத்து, படிப்படியாக ஏற்றி, 'போதும்' என்று அவர் கைகாட்டும் இடத்தைக் குறிக்கிறார். பெரும்பாலானோர் 100 டெசிபலை ஒட்டிக் கை காட்டுவார்கள், இவர் 70-லேயே நிறுத்திவிடுகிறார். சரி, இப்போது காதில் மாட்டும் சிறு கருவி வழியாக, அருவிச் சத்தம் போல ஏற்ற இறக்கமில்லாத ஒரு மெல்லிய இரைச்சல் தரப்படுகிறது. கவனித்தால் கேட்கவேண்டும், வேலையில் மூழ்கினால் மறந்துபோகவேண்டும், அவ்வளவுதான் அளவு. முதலில் தினமும் ஒரு மணி நேரம், பின் சில வாரங்களில் ஆறு, எட்டு மணி நேரம் என நீட்டுகிறார்கள். அந்த இரைச்சல் இருப்பதே தெரியாத அளவு பழகியபின்தான் ஒலியளவை ஒரு சிட்டிகை கூட்டுவார்கள். தாங்குகிறதா என்று சோதிக்க ஏற்றிப் பார்ப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் மூளை ஒலியை ஆபத்து என்றே இன்னும் உறுதியாகக் கற்றுக்கொள்ளும்.

கூடவே அடைப்பானையும் விலக்கவேண்டும், ஒரே நாளில் இல்லை. அமைதியான அறையில் முதலில் கழற்றுகிறார், அப்புறம் பேச்சுச் சத்தம் உள்ள அறையில், தட்டு கழுவும் இடம் கடைசியில். துளையிடும் இயந்திரம், கச்சேரி மேடை போல யாருடைய காதையும் கெடுக்கும் இடங்களில் மட்டும் போட்டுக்கொள்ளலாம், போடத்தான் வேண்டும். இரவில் முழு நிசப்தமும் வேண்டாம், லேசான ஒலி ஓடட்டும்.

வேகம் சரியா என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. பயிற்சி தந்த அசௌகரியம் சிறிது நேரத்தில் அடங்கிவிட்டால் பரவாயில்லை. மறுநாளும் காதில் வலியோ எரிச்சலோ நீடித்தால் ஒரு படி இறங்கவேண்டும். மாதங்கள் பிடிக்கிற வேலை இது, நடுவில் ஒரு நாள் மோசமானால் அதுவரை பெற்றது போய்விட்டதாக அர்த்தமில்லை. சில மாதம் கழித்து அதே தொனிச் சோதனையைச் செய்யும்போது, அவர் கைகாட்டும் இடம் 70-லிருந்து மெல்ல மேலே நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லியாகவேண்டும். சத்தம் அதிகமாகத் தெரிவது ஒரு வகை, ஒலி பட்டபின் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ காதே வலிப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையினரில் சிலருக்கு ஒலிப்பயிற்சி வலியைக் கூட்டிவிடுகிறது, அவர்களை 'இன்னும் கொஞ்சம் பழகுங்கள்' என்று தள்ளுவது கொடுமை. மெல்லுகிற சத்தம் போன்ற சில குறிப்பிட்ட ஒலிகள் மட்டும் கோபமூட்டினால் அது மிசோபோனியா, அதற்கான வழி வேறு. முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்து, அந்தப் பக்கக் காதில் மட்டும் சத்தம் கூடினால் முகநரம்பு பாதிப்பாக இருக்கலாம், ஏனென்றால் பலத்த ஒலியின்போது காதெலும்பை இழுத்துப்பிடிக்கும் குட்டித் தசையை இயக்குவது அந்த நரம்புதான். அப்போது கருவியைத் தேடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.