புள்ளியைத் தொடாமல் கணிக்கப்படும் சாய்வு

வரைபடக் கணிப்பான்களில் வகைக்கெழுவை எண்வழியாகக் கண்டறியும் கட்டளை ஒன்று உண்டு. டிஐ-84 வகைக் கணிப்பானில் அது பின்வருமாறு அமையும்:

```
nDeriv(abs(X),X,0)
```

x-இன் மட்டு மதிப்பை, அதாவது |x| என்னும் சார்பை, x = 0 என்ற இடத்தில் வகையிடுமாறு இக்கட்டளை கேட்கிறது. திரையில் தோன்றும் விடை 0. ஆனால் |x| பூச்சியத்தில் வகையிடத்தக்கதன்று என்பது நுண்கணிதத்தைத் தொடங்கும் எல்லோருக்கும் கற்பிக்கப்படும் முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. கணிப்பானில் பழுது ஏதும் இல்லை. பாடநூல் வரையறுக்கும் எல்லை ஒன்று, கணிப்பான் தோராயமாகக் கணிக்கும் எல்லை வேறொன்று. பெரும்பாலான சார்புகளுக்கு இவ்விரண்டும் ஒரே விடையைத் தருவதால் வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

வழக்கமான வரையறை a என்ற புள்ளியில் நின்று, அங்கிருந்து h தொலைவு விலகிச் சார்பின் மாற்றத்தை அளக்கிறது. h பூச்சியத்தை நெருங்கும்போது

(f(a+h) − f(a)) / h

என்ற விகிதம், h நேர்மமாயினும் எதிர்மமாயினும், ஒரே எண்ணை நெருங்கினால் அந்த எண்ணே f′(a). கணிப்பான் பயன்படுத்தும் சமச்சீர் விகிதமோ a-க்கு இருபுறமும் சம தொலைவில் இரண்டு புள்ளிகளை எடுத்து, அவற்றை இணைக்கும் வெட்டுக்கோட்டின் சாய்வைக் கணிக்கிறது:

(f(a+h) − f(a−h)) / (2h)

இதன் எல்லையைச் சமச்சீர் வகைக்கெழு என்கிறோம். இரண்டாவது வாய்பாட்டில் f(a) என்பது எங்கும் இடம்பெறவில்லை என்பதை வாசகர் ஒரு கணம் நின்று கவனிக்க வேண்டும். இனி வரும் எல்லாமே அந்த ஒரு விடுபடலிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் இரண்டும் எப்போது ஒத்துப்போகும் என்று பார்ப்போம். சமச்சீர் விகிதத்தின் தொகுதியில் f(a)-வைக் கூட்டிக் கழித்தால், வலப்புற விகிதம் (f(a+h) − f(a))/h, இடப்புற விகிதம் (f(a) − f(a−h))/h ஆகிய இரண்டின் சராசரியே அது என்பது தெரியவரும். வழக்கமான வகைக்கெழு இருக்குமாயின் இவ்விரு விகிதங்களும் f′(a)-வையே நெருங்குகின்றன. ஆகவே அவற்றின் சராசரியும் அதையே நெருங்கும். வழக்கமானது இருந்து சமச்சீரானது இல்லாமல் போவதற்கு இடமே இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் இருக்குமானால், இருப்பது எப்போதும் சமச்சீரானதுதான்.

அப்படி ஒன்று மட்டும் இருக்கும் நிலைக்கு |x| எளிய சான்று. பூச்சியத்தில் அதன் வலப்புற விகிதம் எந்த h-க்கும் 1, இடப்புற விகிதம் −1. எனவே வழக்கமான எல்லை இல்லை. சராசரி மட்டும் எப்போதும் 0. ஆனால் இந்த எடுத்துக்காட்டு ஒரு தவறான எண்ணத்தை விதைக்கக்கூடும். இருபுறமும் தனித்தனியாகத் தெளிவான சாய்வுகள் இருந்தால்தான் அவற்றின் சராசரி என ஒன்று இருக்கும் என்று அதைப் பார்த்தவர் நினைக்கலாம். அந்த எண்ணத்தைத் தகர்ப்பதால், பின்வரும் சார்பே எனக்கு இன்னும் சிறந்த சான்றாகத் தோன்றுகிறது: x பூச்சியமாக இல்லாதபோது f(x) = x sin(1/x); மேலும் f(0) = 0. இது பூச்சியத்தில் தொடர்ச்சியானது. இதன் வலப்புற விகிதம் sin(1/h). h சிறுக்கச் சிறுக்க இது −1-க்கும் 1-க்கும் இடையே ஓயாமல் ஊசலாடுவதால் எந்த எண்ணையும் நெருங்குவதில்லை. இடப்புற விகிதம் −sin(1/h). அதற்கும் எல்லை இல்லை. இருப்பினும் ஒவ்வொரு h-க்கும் இவ்விரண்டும் ஒன்றையொன்று முற்றாக நீக்கிவிடுவதால் சமச்சீர் விகிதம் எப்போதும் துல்லியமாக 0. ஒருபுறச் சாய்வுகள் இரண்டுமே இல்லாத இடத்தில் சமச்சீர் வகைக்கெழு எந்தத் தயக்கமுமின்றி நிற்கிறது.

இது ஏன் நிகழ்கிறது என்பதை ஒரு பிரிப்பு முழுமையாக விளக்கிவிடும். a-ஐ மையமாகக் கொண்டு f(a+h) என்பதை h-இன் சார்பாகப் பார்த்தால், அதை இரண்டு பகுதிகளாக எழுதலாம். முதலாவது (f(a+h) + f(a−h))/2. h-இன் குறியை மாற்றினாலும் இது மாறாது, ஆகவே இது இரட்டைப்படைப் பகுதி. இரண்டாவது (f(a+h) − f(a−h))/2. h-இன் குறி மாறினால் இதன் குறியும் மாறும், ஆகவே இது ஒற்றைப்படைப் பகுதி. சமச்சீர் விகிதம் என்பது ஒற்றைப்படைப் பகுதியை h-ஆல் வகுத்துக் கிடைப்பது மட்டுமே. இரட்டைப்படைப் பகுதி எப்படி நடந்துகொண்டாலும் அது இந்த வாய்பாட்டுக்குள் நுழைவதே இல்லை. |x|, x sin(1/x) ஆகிய இரண்டும் முழுக்க இரட்டைப்படைச் சார்புகள் என்பதால்தான் இரண்டுக்கும் 0 கிடைத்தது.

வழக்கமான வகைக்கெழு அமைய வேறு என்ன தேவை என்பதையும் இதே பிரிப்பு சொல்லிவிடுகிறது. சமச்சீர் எல்லை இருப்பதோடு, இரட்டைப்படைப் பகுதி f(a)-வை h-ஐ விட வேகமாக நெருங்க வேண்டும், அதாவது

(f(a+h) − 2f(a) + f(a−h)) / h

என்ற அளவு பூச்சியத்தை நெருங்க வேண்டும். வலப்புற விகிதத்திலிருந்து இடப்புற விகிதத்தைக் கழித்தால் கிடைப்பதும் இதுவே. சமச்சீர் வாய்பாட்டில் விடுபட்ட f(a) இங்கே திரும்ப வந்துவிடுவதைக் காணலாம். |x|-க்குப் பூச்சியத்தில் இந்த அளவு எப்போதும் 2.

f(a) கேட்கப்படாததன் விளைவு தொடர்ச்சியற்ற சார்புகளில் இன்னும் கடுமையாக வெளிப்படுகிறது. 1/x² என்ற சார்பு பூச்சியத்தில் வரையறுக்கப்படவே இல்லை, அதன் அருகில் எல்லையின்றி உயர்கிறது. இருந்தும் f(h), f(−h) இரண்டும் சமம் என்பதால் சமச்சீர் விகிதம் 0 என்றே தருகிறது. மேற்சொன்ன கணிப்பான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் h = 0.001 என்ற அளவில் 1/x-ஐப் பூச்சியத்தில் வகையிடச் சொன்னால், விகிதம் (1000 + 1000)/0.002, அதாவது 10,00,000 என்று வரும். இங்கே சமச்சீர் விகிதம் உண்மையில் 1/h² என்பதால் அதற்கு எல்லையே இல்லை. h-ஐ மாற்றினால் விடையும் மாறும் என்பதால் இந்தப் பிழையை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். 1/x²-இன் 0 அப்படியன்று, எந்த h-ஐ எடுத்தாலும் அது மாறாது. h-ஐக் குறைத்துப் பார்த்து விடை நிலைத்தால் போதும் என்ற வழக்கமான சோதனை இங்கே பயன்படாமல் போகிறது.

இவ்வளவு குறை இருந்தும் கணிப்பான்கள் ஏன் சமச்சீர் விகிதத்தையே பயன்படுத்துகின்றன? f(x) = x³ என்ற சார்பை x = 1 என்ற இடத்தில், h = 0.1 எனக் கொண்டு பார்ப்போம். சரியான விடை 3. வலப்புற விகிதம் (1.331 − 1)/0.1 = 3.31. இடப்புற விகிதம் (1 − 0.729)/0.1 = 2.71. சமச்சீர் விகிதம் 3.01. (1+h)³-ஐ விரித்தால் இரட்டைப்படைப் பகுதி 1 + 3h², ஒற்றைப்படைப் பகுதி 3h + h³. வலப்புற விகிதத்தின் பிழையில் பெரும்பங்கான 0.3 இந்த 3h²-இலிருந்து வருகிறது; சமச்சீர் விகிதம் அதைப் பார்க்காததால் எஞ்சும் பிழை h² = 0.01 மட்டுமே. h-ஐப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் வலப்புற விகிதத்தின் பிழை ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகவும், சமச்சீர் விகிதத்தின் பிழை நூறில் ஒன்றாகவும் குறையும். இரட்டைப்படைப் பகுதியைப் பார்க்காத அதே இயல்புதான் வழவழப்பான சார்புகளில் துல்லியத்தையும், |x| போன்ற முனை உள்ள சார்புகளில் இல்லாத சாய்வையும் தருகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க இந்த வாய்பாட்டில் வழியில்லை.

ஆகவே கணிப்பவர் செய்ய வேண்டியது, சமச்சீர் விடையோடு வலப்புற, இடப்புற விகிதங்களின் வேறுபாட்டையும் உடன் கணித்துப் பார்ப்பதே. x³-க்கு x = 1-இல் அந்த வேறுபாடு 6h; h = 0.1 என்றால் 0.6, h = 0.01 என்றால் 0.06 எனச் சீராகக் குறைகிறது. |x|-க்கு அது 2-ஐ விட்டு நகர்வதில்லை. x sin(1/x)-க்கு h = 0.01, 0.001, 0.0001 என்ற அளவுகளில் அது முறையே ஏறத்தாழ −1.01, 1.65, −0.61 என்று ஒழுங்கின்றித் தாவுகிறது. இச்சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு. √(x² + 0.00000001) என்ற சார்பு எல்லா இடத்திலும் வகையிடத்தக்கது; ஆனால் பூச்சியத்தில் h = 0.001 என்று பார்த்தால் வேறுபாடு 1.81 என வந்து முனை இருப்பதுபோல் தோன்றும், h = 0.00001 வரை இறங்கினால்தான் அது ஏறத்தாழ 0.1 ஆகும். எண்கள் ஐயத்தை எழுப்பலாம், குறைக்கலாம். எல்லை இருக்கிறதா என்பதை அவை நிறுவிவிட முடியாது.

சமச்சீர் வகைக்கெழு இருப்பதை மட்டும் நம்பி நுண்கணிதத் தேற்றங்களைப் பயன்படுத்துவது இதைவிடப் பெரிய இடர். x ≥ 0 எனில் g(x) = 2x, x < 0 எனில் g(x) = −x என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். பூச்சியத்தில் இதற்குச் சிறுமம் இருக்கிறது. ஆனால் அங்கே சமச்சீர் விகிதம் (2h − h)/(2h) = 1/2. சிறுமம் அமையும் இடத்தில் வகைக்கெழு பூச்சியமாகும் என்ற விதி முறிந்துவிட்டது. இடைவெளியின் இரு ஓரங்களிலும் மதிப்பு சமமானால் இடையில் எங்காவது வகைக்கெழு பூச்சியமாகும் என்று அந்த விதியின் மேல் கட்டப்பட்ட ரோலின் தேற்றமும் உடன் விழுகிறது: g(−2) = 2, g(1) = 2 என இரு ஓரங்களிலும் மதிப்பு சமம், இடையில் சார்பு தொடர்ச்சியானது, ஒவ்வொரு புள்ளியிலும் சமச்சீர் வகைக்கெழு உண்டு; ஆயினும் அது ஏற்கும் மதிப்புகள் −1, 1/2, 2 ஆகிய மூன்று மட்டுமே. பூச்சியம் அவற்றில் இல்லை. ரோலின் தேற்றத்தின் நிறுவலில் சிறுமப் புள்ளியின் ஒருபுறச் சாய்வு எதிர்மமாகவோ பூச்சியமாகவோ, மறுபுறச் சாய்வு நேர்மமாகவோ பூச்சியமாகவோ இருக்கும் என்றும், இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டும் பூச்சியம் என்றும் வாதிடுகிறோம். சமச்சீர் வகைக்கெழுவில் அந்தச் சமத்துவம் கோரப்படுவதே இல்லை. அதனால்தான் வாதம் நடுவழியில் அறுபடுகிறது.

மேற்கண்ட முனைகள் எல்லாம் ஒற்றைப் புள்ளிகளில் அமைந்தவை என்பது தற்செயலன்று. ஓர் இடைவெளியின் எல்லாப் புள்ளிகளிலும் சமச்சீர் வகைக்கெழு உள்ள அளவிடத்தக்க சார்பு எதுவாயினும், அது அவ்விடைவெளியில் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும் வழக்கமான பொருளிலும் வகையிடத்தக்கதே என்று ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாந்தர் கின்ச்சின் 1927இல் நிறுவினார். விதிவிலக்கான புள்ளிகள் முடிவின்றிப் பல இருக்கலாம், ஆனால் அவற்றின் மொத்த நீளம் பூச்சியம். குறிப்பிட்ட ஒரு புள்ளி அவற்றில் ஒன்றா என்பதை இத்தேற்றம் சொல்வதில்லை. அதற்கு அந்தப் புள்ளியில் சார்பின் மதிப்பை எடுத்து இருபுற விகிதங்களையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.