லோ சுகர் சரியாகிவிட்டது என்று பாட்டியை உடனே வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள்

74 வயது அம்மா ஒருவர். இருபது வருடமாகச் சுகர், பிரஷருக்கு மெட்டோப்ரோலால், சுகருக்குக் கிளைமிபிரைடு 2 மில்லிகிராமோடு மெட்ஃபார்மினும் வோக்ளிபோஸும் சேர்ந்த ஒரே மாத்திரை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு, சாப்பாடு என்று பார்த்தால் அரை டம்ளர் கஞ்சிதான், ஆனால் மாத்திரை மட்டும் ஒரு வேளை தவறவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மகள் போய் எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்க்கிறார், ஆனால் பேச்சு குழறுகிறது, மகளையே யாரோ போலப் பார்க்கிறார், வலது கை சரியாகத் தூக்கவில்லை. வீட்டில் எல்லோரும் ஸ்ட்ரோக் என்றே முடிவு செய்து காரில் ஏற்றிவிட்டார்கள்.

அருகில் இருந்த சிறிய மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 38. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 100 மில்லி போட்டார்கள். பத்து நிமிடத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார், கையும் தூக்கினார். மறுபடி பார்த்ததில் 162. சரியாகிவிட்டது, கூட்டிப்போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு இட்லி சாப்பிட்டுப் படுத்தவர் பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் முனகுகிறார். என்னிடம் கொண்டுவந்தபோது 41.

இது அபூர்வமான கதை இல்லை. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு, இவையெல்லாம் சல்ஃபோனைல்யூரியா என்ற ஒரே குடும்பம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் வேலை. சிக்கல் என்னவென்றால் ரத்தத்தில் சர்க்கரை 200 இருக்கிறதா 50 இருக்கிறதா என்று இந்த மாத்திரை பார்ப்பதில்லை. நீங்கள் பட்டினி கிடந்தாலும் இன்சுலின் வந்துகொண்டே இருக்கும். அதுவும் கிளைமிபிரைடின் வேலை கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க நீடிக்கும், சிறுநீரகம் சுணங்கியிருந்தால் அதற்கு மேலும் போகும். இந்த நிலையில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரையே கணையத்தை இன்னும் கொஞ்சம் உசுப்பிவிடும், சில மணி நேரத்தில் பழையபடி கீழே. போட்ட குளுக்கோஸ் தீர்ந்துபோகும், மாத்திரை தீராது.

இந்த அம்மாவுக்கு கிரியாட்டினின் 1.6. லேப் ரிப்போர்ட்டில் அதைப் பார்த்து "கொஞ்சம்தான் கூட" என்று விட்டுவிடுவது சுலபம். ஆனால் 74 வயதுப் பெண்ணுக்கு 1.6 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன், அதாவது ஈஜிஎஃப்ஆர், சுமார் 33தான். வயிற்றுப்போக்கில் உடம்பில் தண்ணீர் வற்றினால் அதுவும் குறையும். கிளிபென்கிளமைடு இன்னும் மோசம், அது உடைந்து வரும் பொருள்களும் சர்க்கரையைக் குறைக்கும், சிறுநீரகம் வழியாக வெளியேற முடியாமல் தங்கிவிடும். வயதானவர்களுக்கு அது வேண்டாம் என்பதுதான் என் கட்சி. விலை குறைவு என்று இன்னும் எழுதுகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கை நடுக்கம், படபடப்பு, பசி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். வயதானவர்களிடம் அது பல நேரம் வராது. வருவது குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, திடீர் கோபம், அசாத்தியத் தூக்கம், நடக்கும்போது தள்ளாட்டம், கீழே விழுதல், சில நேரம் இந்த அம்மா மாதிரி ஒரு பக்கக் கை கால் பலவீனம். "வயசாச்சு, நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்காங்க" என்று சொல்லிவிடுவோம். மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், வியர்வையை மட்டும் அமுக்காது. பிறகு கேட்டபோது மகள் சொன்னார், நைட்டி முதுகுப் பக்கம் பிழியலாம் போல நனைந்திருந்தது, புழுக்கம் என்று நினைத்தேன் என்று. ஆகவே சுகர் மாத்திரை சாப்பிடும் பெரியவர் வழக்கம்போல இல்லை என்று தோன்றினாலே முதலில் குளுக்கோமீட்டர். 70க்குக் கீழே என்றால் லோ சுகர், 54க்குக் கீழே என்றால் ஆபத்து. மீட்டர் இல்லையென்றால் யோசித்துக்கொண்டு நிற்காமல் வைத்தியத்தை ஆரம்பித்துவிடுங்கள்.

நினைவாக இருக்கிறார், விழுங்க முடிகிறது என்றால் குளுக்கோஸ் பவுடர் 15 கிராம், ஏறக்குறைய மூன்று குவித்த டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சீனி கொடுக்கலாமே என்பீர்கள். பொதுவாகக் கொடுக்கலாம், ஆனால் மாத்திரையில் வோக்ளிபோஸோ அகார்போஸோ இருந்தால் அவை குடலில் சீனி உடைவதையே தாமதப்படுத்தும், சீனித் தண்ணீரும் மிட்டாயும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள், எம்வி என்று முடியும் கூட்டு மாத்திரைகளில் பெரும்பாலும் இது இருக்கும். அந்த வீட்டில் குளுக்கோஸ் பவுடர் டப்பா கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத நேரத்தில் சீனியாவது கொடுங்கள், ஒன்றும் கொடுக்காமல் இருப்பதற்கு அது மேல். லட்டு, சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ஏறத் தாமதமாகும்.

15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இங்கே ஒரு சின்ன விஷயம்: குளுக்கோஸ் ஒட்டிய விரலில் குத்தினால் மீட்டர் பொய்யாக அதிகம் காட்டும், தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடி அதே அளவு. ஏறிவிட்டால் அதோடு நிறுத்தாமல் இட்லியோ சாதமோ கொடுக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன் செய்யுங்கள்.

சல்ஃபோனைல்யூரியா சாப்பிடும் பெரியவருக்கு நினைவு தப்பியிருந்தாலோ, குழப்பம் வந்திருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சாப்பிட முடியவில்லை என்றாலோ, சுகர் ஏறிவிட்டாலும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். தெளிவாக இருக்கிறாரே, எதற்கு அட்மிஷன், பில் போடவா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த அம்மாவுக்கு மறுபடி டெக்ஸ்ட்ரோஸ் போட்டு, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஓடவிட்டு, மணிக்கு ஒரு முறை பார்த்தோம். அப்படியும் அன்று இரவு 58க்கு இறங்கியது. பிறகு ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் தோலடியில் போட்டோம், அது கணையம் இன்சுலின் விடுவதையே தடுக்கும் மருந்து, இந்த மாத்திரை செய்யும் வேலைக்கு நேர் எதிர். அதற்குப் பிறகுதான் அடங்கியது. மறுநாள் மாலை டிரிப்பை மெதுவாகக் குறைத்து நிறுத்தினோம்.

மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி அவருக்கு 6.1. குடும்பத்துக்கு அதில் பெருமை. ஆனால் இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு, சல்ஃபோனைல்யூரியா சாப்பிட்டுக்கொண்டு 6.1 என்றால் மாத்திரை அதிகம் என்று அர்த்தம், இவருக்கு 8க்குள் இருந்தாலே போதும். கூட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு லினாக்ளிப்டின் மட்டும் கொடுத்தேன், அது தனியாக லோ சுகரை அநேகமாகக் கொண்டுவராது, சிறுநீரகத்துக்காக டோஸ் குறைக்கவும் வேண்டாம். "சுகர் 200 ஆயிட்டா டாக்டர்?" என்று மகள் கேட்டார். அப்படி ஆனால் பார்த்துக்கொள்ளலாம், 200ஐச் சரிசெய்ய நமக்கு வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது, 38க்கு நிமிடக்கணக்கில்தான்.

இந்த மாத்திரையில் இருப்பவர்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வாந்தி, பேதி, ஏகாதசி விரதம் என்று சாப்பாடு நிற்கும் நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது? கிளைமிபிரைடு வகையை அன்று நிறுத்தச் சொல்வதுதான் வழக்கம், இன்சுலின் போடுபவர்களுக்குக் கணக்கு வேறு. அப்புறம், சிறுநீர்த் தொற்றுக்கோ பூஞ்சைக்கோ புது மருந்து எழுதும்போது சுகர் மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள், கோ-ட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், கிளாரித்ரோமைசின் போன்றவை சேர்ந்தால் அதே பழைய டோஸே அதிக டோஸாகிவிடும்.