இரண்டு கேமரா, ஒரு டிரைபாட்: பள்ளி முதல்வர் மேசைக்குப் போகும் கடிதத்தில் எது இருக்க வேண்டும்?

புகைப்பட மன்றப் பொறுப்பாசிரியர்கள் எழுதும் நிதிக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். முதல் பத்தியில் மாணவர்களின் படைப்பாற்றல், இரண்டாவதில் போட்டிகள், கடைசியில் ஒரு தொகை. முதல்வர் அதைப் படித்துவிட்டு "பார்க்கலாம் சார்" என்பார். அதோடு கடிதம் கோப்புக்குள் போய்விடும். படைப்பாற்றல் வேண்டாம் என்று எந்த முதல்வரும் நினைப்பதில்லை. தாளாளரோ நிர்வாகக் குழுவோ கேட்கப்போகும் கேள்விகளுக்கு அந்தக் கடிதத்தில் பதில் இருக்காது. மொபைலில் எடுத்தால் ஆகாதா? ஒன்று போதாதா, ஏன் இரண்டு? இதற்குப் பிறகு இன்னும் என்ன கேட்பீர்கள்? கெட்டுப்போனால் யார் பொறுப்பு? இந்த நான்குக்கும் முதல்வர் வாய் திறக்காமலே பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் "ஏன் இரண்டு". இதற்கு வகுப்பின் நேரக் கணக்கைவிட வலுவான வாதம் கிடையாது. 20 மாணவர்கள், வாரம் 80 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கம் சொல்லவும் எடுத்து வைக்கவும் 20 நிமிடம் போனால் செய்முறைக்கு 60 நிமிடம் மிஞ்சும். ஒரு கேமரா என்றால் ஒருவருக்கு 3 நிமிடம். பட்டையைக் கழுத்தில் மாட்டி, வியூஃபைண்டரில் கண்ணை வைத்து, ஷட்டர் வேகத்தை மாற்றி ஒரு படம் எடுப்பதற்குள் அடுத்த பிள்ளை கை நீட்டிவிடும். இரண்டு கேமரா என்றால் 6 நிமிடம். எடுத்த படத்தைத் திரையில் பார்த்து, முகம் இருட்டாக விழுந்ததைக் கவனித்து, திருத்தி இரண்டாவது முறை எடுக்க அந்தக் கூடுதல் 3 நிமிடம்தான் இடம் கொடுக்கிறது. பிழையைத் திருத்தும் அந்த இரண்டாவது படத்தில்தான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

அப்படியானால் ஐந்து கேமரா கேட்கலாமே என்று தோன்றும். கேட்க வேண்டாம். ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் கண்காணிக்கக்கூடியது இரண்டு குழுக்கள். மூன்றாவது கேமரா கண்ணுக்கு எட்டாத மூலையில்தான் கீழே விழும். இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பேட்டரி, சார்ஜர், லென்ஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம், மெனுவை ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும். சலுகையில் கிடைத்தது என்று வேறு வேறு நிறுவனத்தின் கேமராக்களை வாங்கினால் ஒன்றின் பேட்டரி தீர்ந்த அன்று மற்றொன்றின் உபரி பேட்டரி பயன்படாது.

டிரைபாட் ஒன்று போதும். குழுப் படம், மெதுவான ஷட்டர் பயிற்சி, காணொளி ஆகியவற்றுக்குத்தான் அது அவசியம். ஒரு குழு அதில் வேலை செய்யும்போது மற்றது கையில் வைத்து எடுக்கட்டும்.

மொபைல் கேள்விக்கு "தரம் கூடுதல்" என்று எழுதினால் எடுபடாது. இன்றைய மொபைல் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படத்தையும் தொடக்கநிலை கேமரா எடுக்கும் படத்தையும் அருகருகே வைத்தால் முதல்வருக்கு வித்தியாசம் தெரியாது, சில நேரம் மொபைல் படமே பளிச்சென்று இருக்கும். கற்பித்தலில் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள். மொபைலின் லென்ஸ் துளை பெரும்பாலும் மாறாது, மற்றதை வழக்கமாக மென்பொருளே முடிவு செய்துவிடும். துளை, வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் பிள்ளை தானே மாற்றி விளைவைப் பார்க்க, தனித்தனியே திருகக்கூடிய கருவி வேண்டும். இன்னொன்றும் உண்டு. மாணவர்கள் மொபைல் கொண்டுவரக் கூடாது என்ற விதி உள்ள பள்ளியில் மன்றத்துக்கு மட்டும் விலக்குக் கேட்பது முதல்வருக்குத் தலைவலி. பள்ளிக்குச் சொந்தமான கேமரா அந்தத் தலைவலியை எடுத்துவிடும்.

தொகையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பெட்டியைப் பிரித்தால் கேமரா, லென்ஸ், ஒரு பேட்டரி, சார்ஜர், பட்டை இருக்கும். மெமரி கார்டு பொதுவாக இருக்காது. இது தெரியாமல் இரண்டு கேமராவும் டிரைபாடும் மட்டும் கேட்டு வாங்கியவர், அடுத்த வாரமே கார்டுக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். "பின்னாலேயே செலவு வந்துகொண்டே இருக்கும்" என்ற எண்ணம் நிர்வாகத்துக்கு அங்கே விழுந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேனான் 1500டி மாதிரியான 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், 18-55 லென்ஸுடன். தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை, கடையில் விலை மாறும். கேமரா ஒன்றுக்கு ரூ.45,000 வீதம் இரண்டுக்கு ரூ.90,000, டிரைபாட் ரூ.3,500, ஆக ரூ.93,500. இதோடு 32 ஜிபி கார்டு இரண்டு ரூ.1,200, உபரி பேட்டரி இரண்டு ரூ.5,000, லென்ஸ் முகப்பைக் காக்கும் 58 மி.மீ. ஃபில்டர் இரண்டு ரூ.1,000, காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பத மானியும் ரூ.1,500. இந்தச் சில்லறை மட்டும் ரூ.8,700. மொத்தம் ரூ.1,02,200. ஒரு லட்சத்தைத் தாண்டுகிறதே என்று அதை மறைக்காதீர்கள். மறைத்த தொகை மூன்றாவது மாதம் வெளியே வரும்.

விலைப்புள்ளி வாங்கும்போது ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேமராவுக்கு வரி 18 சதவீதம். ரூ.45,000 என்பது வரி சேராத விலை என்றால் இரண்டு கேமராவுக்கு மட்டும் ரூ.16,200 கூடுதலாகும். மூன்று கடைகளில் வாங்கிய விலைப்புள்ளிகளில் ஒன்று மட்டும் கண்ணைப் பறிக்கும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வரி விட்டுப்போயிருக்கிறதா, இந்திய நிறுவன உத்தரவாதம் இல்லாத இறக்குமதிச் சரக்கா என்று பாருங்கள். பில் பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். ஆசிரியர் பெயரில் பில் இருந்தால் தணிக்கையிலும் சிக்கல், உத்தரவாதம் கேட்கும்போதும் சிக்கல்.

டிரைபாடில் இரண்டே விஷயம். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 700 கிராம் அளவில்தான் வரும், ஆகவே 3 கிலோ தாங்கும் டிரைபாட் போதும். ஆனால் தலைப்பகுதி பிளாஸ்டிக்காக இருந்தால் பிள்ளைகள் கைப்பிடியை இறுக்கி இறுக்கியே மரை தேய்ந்து, பூட்டிய பிறகும் கேமரா மெல்லக் குனியும். கடையிலேயே கேமராவை மாட்டி, முன்பக்கம் சாய்த்துப் பூட்டி, ஒரு நிமிடம் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கேமராவின் அடியில் திருகும் தட்டு அடிக்கடி தொலையும். அந்த மாடலுக்கு உபரித் தட்டு தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். தட்டு கிடைக்காத டிரைபாட் வெறும் மூன்று கால்தான்.

அடுத்து, பலரும் எழுதத் தயங்குவது: இந்தக் கருவியால் எது முடியாது என்பது. முதல்வர் மனத்தில் ஆண்டு விழா ஓடிக்கொண்டிருக்கும். 18-55 லென்ஸை முழுக்க நீட்டி 15 மீட்டர் தள்ளி நின்றால் சட்டகத்துக்குள் சுமார் 6 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் விழும். 1.4 மீட்டர் உயரமுள்ள குழந்தை படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். முகபாவம் தெரியாது. மேடையில் நடனம் உறைந்து நிற்க 1/250 நொடியாவது வேண்டும். இந்த லென்ஸ் அந்த நிலையில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது, ஆகவே ஐஎஸ்ஓ 3200, சில சமயம் 6400 வரை ஏற்ற வேண்டிவரும், படத்தில் புள்ளிகள் தெரியும். அந்த வேகத்தில் சில எல்ஈடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாகவும் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/100க்கு இறக்கினால் பட்டை போகும், ஆனால் ஆடும் கை மங்கும். இவ்வளவையும் கடிதத்தில் எழுத வேண்டாம். "தொலைவிலிருந்து மேடை நிகழ்ச்சிகளை எடுக்க இந்த லென்ஸ் போதாது. ஆண்டு விழாவுக்குத் தொழில்முறைப் புகைப்படக்காரர் தொடர்ந்து தேவை" என்று இரண்டு வரி போதும். இல்லாவிட்டால் விழா முடிந்த மறுநாள் "லட்ச ரூபாய் கேமராவா இது?" என்ற கேள்வி வரும்.

பராமரிப்பு வரியில் உங்கள் ஊர் தெரிய வேண்டும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊரில் தோல் பையோடு இரும்பு பீரோவில் பூட்டி வைத்தால் ஒரு மழைக்காலத்துக்குள் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கலாம். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சிலந்தி நூல் மாதிரி கிளை கிளையாகத் தெரியும். துடைத்தால் போகாது, உள்ளே இருக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரப்பத மானியும் போட்டால் வேலை முடிந்தது. ஜெல் நிறம் மாறினால் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். மே விடுமுறைக்கு முன் பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

படங்கள் எங்கே போகும் என்பதற்கும் ஒரு வரி வையுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. படங்கள் பள்ளிக் கணினியில் மட்டும் இருக்கும், யாருடைய சொந்த மொபைலுக்கும் போகாது என்று எழுத்தில் இருப்பது முதல்வருக்கு நிம்மதி.

இனி கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

*பொருள்: புகைப்பட மன்றத்துக்கு இரண்டு கேமராக்கள், ஒரு டிரைபாட் வாங்க ரூ.1,02,200 ஒதுக்கக் கோருதல் – சார்பாக.*

*மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். மன்றத்தில் 8, 9ஆம் வகுப்பு மாணவர்கள் 20 பேர் உள்ளனர். வார வகுப்பில் செய்முறைக்கு 60 நிமிடம் கிடைக்கிறது. ஒரு கேமரா இருந்தால் ஒருவருக்கு 3 நிமிடமும், இரண்டு இருந்தால் 6 நிமிடமும் பயிற்சி கிடைக்கும். எனவே கேனான் 1500டி என்ற ஒரே மாடலில் இரண்டு கேமராக்கள், அல்லது அதற்கு இணையானவை, தேவைப்படுகின்றன. துளை, வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் மாணவர்கள் தாங்களே மாற்றிப் பழக மொபைல் போதாது.*

*வரி உட்பட மொத்தச் செலவு ரூ.1,02,200. கார்டு, உபரி பேட்டரி, பாதுகாப்புப் பெட்டி இதில் அடங்கும். இந்தக் கல்வியாண்டில் மன்றத்துக்கு வேறு கொள்முதல் கேட்க மாட்டேன். மூன்று விலைப்புள்ளிகள் இணைக்கப்பட்டுள்ளன.*

*கருவிகள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, ஆய்வக அலமாரியில் என் பொறுப்பில் இருக்கும். எடுக்கும்போதும் வைக்கும்போதும் கையெழுத்துப் பெறப்படும். படங்கள் பள்ளிக் கணினியில் மட்டுமே சேமிக்கப்படும். தொலைவிலிருந்து மேடை நிகழ்ச்சிகளை எடுக்க இந்த லென்ஸ் போதாது, ஆண்டு விழாவுக்குத் தொழில்முறைப் புகைப்படக்காரர் தொடர்ந்து தேவை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.*

"அல்லது அதற்கு இணையானவை" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். ஒப்புதல் வரும் நாளில் அந்த மாடல் கடையில் இல்லையென்றால் முழுக் கோப்பும் மறுபடி சுற்றாமல் காப்பது அதுதான். விலைப்புள்ளியில் எத்தனை நாள் வரை செல்லும் என்ற தேதி இருக்கும். நிர்வாகக் குழு கூடும் நாளைக் கேட்டுக்கொண்டு அதற்குச் சற்று முன்னால் விலைப்புள்ளி வாங்குங்கள்.

பாதித் தொகைதான் கிடைக்கும் என்றால் இந்த ஆண்டு ஒரு கேமரா, கார்டு, டிரைபாட், பெட்டி, அடுத்த ஆண்டு இரண்டாவது கேமரா என்று பிரிக்கலாம். அதைக் கடிதத்தில் எழுதாதீர்கள். எழுதினால் அதற்குத்தான் கையெழுத்து விழும். முதல்வர் நேரில் கூப்பிட்டு "ஒன்று மட்டும் வாங்கினால் என்ன?" என்று கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.