சொசைட்டியின் கணக்கையும் கமிட்டி மினிட்ஸையும் பார்க்கக் கேட்டு எழுதும் கடிதம்

மும்பை, தானே, நவி மும்பைப் பகுதிகளில் சொந்த வீடு வாங்கிய தமிழர்களில் பலர் ஏதாவது ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் உறுப்பினர்கள். அதைச் சொசைட்டி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறோம், அவ்வப்போது சிறப்பு வசூலும் கொடுக்கிறோம். அந்தப் பணம் எப்படிச் செலவானது என்று செயலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டால் "ஆண்டுப் பொதுக்குழுவில் சொல்வோம்" என்ற பதிலே வரும். எழுத்தில் கேட்டால் நிலைமை வேறு. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1960 இதை உறுப்பினரின் உரிமையாகவே வைத்திருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, உறுப்பினர் கட்டணமின்றிப் பார்வையிடக்கூடிய ஆவணங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. சட்டம், விதிகள், துணைவிதிகள், கடைசியாகத் தணிக்கை செய்யப்பட்ட ஐந்தொகை, லாபநட்டக் கணக்கு, கமிட்டி உறுப்பினர் பட்டியல், உறுப்பினர் பதிவேடு, பொதுக்குழுக் கூட்ட மினிட்ஸ், கமிட்டிக் கூட்ட மினிட்ஸ் ஆகியவை அதில் வருகின்றன. இவற்றோடு, சங்கத்துடன் உங்களுக்குள்ள வரவு செலவு பதிவான கணக்குப் புத்தகப் பகுதியையும் பார்க்கலாம். சங்க அலுவலக நேரத்திலோ, இதற்கென்று சங்கம் ஒதுக்கும் நேரத்திலோ பார்வையிடலாம்.

இந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுத்த பில்கள், வவுச்சர்கள், வங்கி அறிக்கை, அடுத்த வீட்டுக்காரரின் பாக்கிக் கணக்கு ஆகியவை இந்தப் பிரிவில் சொல்லப்படவில்லை. பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது இங்கேதான். கோபத்தில் "கடந்த பத்து ஆண்டுகளின் எல்லாக் கணக்குகளும், எல்லா வவுச்சர்களும் வேண்டும்" என்று எழுதிவிடுகிறோம். பட்டியலில் இல்லாததைக் காரணம் காட்டி, பட்டியலில் இருப்பதையும் சேர்த்தே கமிட்டி மறுத்துவிடுகிறது. எனவே சட்டம் பயன்படுத்தும் சொற்களையே கடிதத்தில் வைத்து, அந்த எல்லைக்குள் மட்டும் கேளுங்கள். அப்படிக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் கிடைக்காது. வவுச்சரைப் பொதுக்குழுவில் கேள்வியாக எழுப்பலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 40 வீடுகள் உள்ள ஒரு சொசைட்டியில் மொட்டைமாடி நீர்க்கசிவைச் சரிசெய்ய வீட்டுக்கு 45,000 ரூபாய் வசூலித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18 லட்சம். வேலை முடிந்த பிறகும் அடுத்த மழையில் ஒழுகுகிறது. இப்போது பார்க்க வேண்டியவை இரண்டு: வேலை பேசி முடித்த மாதங்களின் கமிட்டி மினிட்ஸ், அந்த ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு.

மினிட்ஸில் எத்தனை விலைப்புள்ளிகள் வந்தன, யாருடையது ஏற்கப்பட்டது, என்ன காரணத்துக்காக, எவ்வளவு தொகைக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும். பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் பழுதுபார்ப்புக்குக் கமிட்டி எவ்வளவு செலவிடலாம் என்பதற்குத் துணைவிதியில் உச்சவரம்பு உண்டு. 18 லட்சம் போன்ற தொகைக்குப் பொதுக்குழுத் தீர்மானம் இருந்தாக வேண்டும். ஆகவே பொதுக்குழு மினிட்ஸையும் கூடவே கேளுங்கள். ஐந்தொகையில் பழுதுபார்ப்பு நிதி என்ற தலைப்பைத் தேடுங்கள். மாதிரித் துணைவிதிப்படி கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம் இந்த நிதிக்கு வசூலாகிறது. அதில் நல்ல இருப்பு இருந்தும் தனி வசூல் நடந்திருந்தால், கேட்பதற்குரிய முதல் கேள்வி அதுவே.

மினிட்ஸ் புத்தகம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். மாதிரித் துணைவிதி, கமிட்டி மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும் என்கிறது. வேலை ஒப்படைத்த மாதத்துக்கு மட்டும் மினிட்ஸ் இல்லை, பக்க எண் தாவுகிறது, வெவ்வேறு மாதங்களின் கூட்டங்கள் ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதப்பட்டதுபோல் இருக்கின்றன, முந்தைய கூட்டத்தின் மினிட்ஸ் அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்படவில்லை என்றெல்லாம் தெரிந்தால், பக்க எண்ணோடும் தேதியோடும் குறித்துக்கொள்ளுங்கள். முறைகேடு நடந்தது என்பதற்கு இவை மட்டும் சான்றாகிவிடாது. சோம்பலாலும் மினிட்ஸ் விடுபடுவதுண்டு.

கடிதத்தைப் பங்குச் சான்றிதழில் பெயர் உள்ளவர்தான் எழுத வேண்டும். வீடு அப்பா பெயரில் இருக்க, மகன் கையெழுத்திட்டு அனுப்பினால் "நீங்கள் உறுப்பினர் அல்ல" என்று திருப்பிவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவருக்கும் இந்த உரிமை கிடையாது. செயலாளருக்கு முகவரியிட்டு, வீட்டு எண்ணையும் பங்குச் சான்றிதழ் எண்ணையும் எழுதுங்கள். பிறகு இப்படிக் கேட்டால் போதும்: "1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான கமிட்டிக் கூட்ட மினிட்ஸ், அதே காலத்தின் பொதுக்குழு மினிட்ஸ், கடைசியாகத் தணிக்கை செய்த ஐந்தொகை, லாபநட்டக் கணக்கு, என் பெயரிலுள்ள கணக்குப் பகுதி ஆகியவற்றைப் பார்வையிட விரும்புகிறேன். நாளும் நேரமும் தெரிவிக்கவும்." காரணம் சொல்ல வேண்டியதில்லை. குற்றச்சாட்டு ஒரு வரிகூட வேண்டாம். அதை எழுதினால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும்.

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் சொசைட்டி முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியைக் கடிதத்துக்கு ஈடாக நம்பியிருக்க வேண்டாம்.

பார்வையிடுவது இலவசம், பிரதிக்கு மட்டும் கட்டணம். அது துணைவிதியில் எழுதியிருக்கும். எழுத்தில் கேட்டுக் கட்டணத்தைச் செலுத்தி ரசீது வாங்குங்கள். 2019இல் வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று சட்டத்தில் சேர்த்த அத்தியாயத்தில் உள்ள 154பி-8 பிரிவு, பணம் கட்டிய நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பிரதி தர வேண்டும் என்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 25 ரூபாய் வீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தொகை சிறியது, யாரும் அதற்காக நடுங்கப் போவதில்லை. ஆனால் நாள் கணக்கு ரசீதுத் தேதியிலிருந்துதான் தொடங்கும் என்பதால் ரசீது முக்கியம்.

"பாக்கி வைத்திருப்பவருக்குக் காட்ட மாட்டோம்" என்று சில கமிட்டிகள் சொல்கின்றன. 32ஆம் பிரிவில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. பாக்கியை வசூலிக்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது.

பதிலே வராவிட்டால், உங்கள் பகுதிக்குரிய கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் புகார் கொடுக்க வேண்டும். கடிதப் பிரதி, ஒப்புகை, கட்டண ரசீது மூன்றையும் இணையுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் சொசைட்டியிடமே நேராக மனுப் போடுவது பெரும்பாலும் பயன் தராது. தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், அரசின் கணிசமான நிதியோ கட்டுப்பாடோ இல்லாத கூட்டுறவுச் சங்கம் பொது அதிகார அமைப்பு அல்ல, எனவே அந்தச் சட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு, பதிவாளர் சட்டப்படி பெறக்கூடிய தகவலை அவரிடம் கேட்கலாம் என்றும் சொல்கிறது. தணிக்கை அறிக்கையும் ஆண்டறிக்கைகளும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியவை. எனவே 10 ரூபாய்க் கட்டணத்தில் துணைப் பதிவாளர் அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, உங்கள் சொசைட்டி கொடுத்த தணிக்கை அறிக்கையின் பிரதியைக் கேளுங்கள். மகாராஷ்டிர விதிப்படி மனு ஒரே பொருள் பற்றியதாக, 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். தணிக்கையாளர் எழுதிய ஆட்சேபங்கள் அதில் இருந்தால், பொதுக்குழுவில் வவுச்சரைக் கேட்பதற்கு உங்களிடம் எழுத்துபூர்வமான அடிப்படை வந்துவிடும். ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30க்குள் நடக்க வேண்டும் என்பதால், இந்த மனுவை ஜூலையிலேயே அனுப்பிவிடுவது நல்லது. பதிலுக்கு 30 நாள் ஆகும்.